பொப்பியும் முல்லையும் பூவரசும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக மாணவன் ஒருவன் சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தால், படித்த படிப்பையெல்லாம் இங்கே கொட்டிவிட்டுப் போவானோ என்ற அச்சம் உங்களுக்கு உண்டாவது இயல்பே. அந்த அச்சம் வேண்டாம். பாட்டு ஒன்று பிறந்த கதையைச் சொல்லவே வந்தேன். அது பதினொரு அடிப் பாட்டு. பாடசாலைக் காலைக்கூட்டம் ஒன்றில், போரில் மாண்ட வீரரை நினைந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டது. எழுதியவன் எனக்குத் தம்பி முறையான ஒரு மாணவன். நான் பக்கத்தில் இருந்து கைகொடுத்தேன்; எங்கள் இருவரிலும் அதிகம் கைகொடுத்தவர் அவனுடைய அப்பாச்சி.

நவம்பர் மாதம் 11 ஆம் நாளை உலகின் பல நாடுகளில் போர்வீரர் நினைவு நாளாகக் கொள்வர். 1918 இல் அந்நாளில், காலை பதினொரு மணிக்கு, முதலாம் உலக யுத்தத்தின் பீரங்கிகள் மேற்குப் போர்முனையில் ஓய்ந்தன. மறு ஆண்டிலிருந்து அதே மணியில் இரண்டு நிமிடம் வாய்மூடி நிற்கும் வழக்கம் பிரித்தானியப் பேரரசெங்கும் பரவிற்று. அந்த வழியாகவே இலங்கைக்கும் வந்தது. நான் பயின்ற மிஷன் பாடசாலையிலும் அந்நாளில் மண்டபத்தில் கூடுவோம். மூத்த மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் நாலடி சொல்வான், கடைசி அடியை நாங்கள் திருப்பிச் சொல்வோம், பின்னர் மௌனம். என்ன சொல்கிறோம் என்பது பாதிப்பேருக்கு விளங்காது. ஆயினும் அந்த மௌனம் எல்லோருக்கும் விளங்கியது.

அந்த இடத்திலே தமிழில் ஒரு பாட்டு வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். என் தம்பி ஒரே இரவில் நாற்பது அடி எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான்.

வாசித்துப் பார்த்தேன். சந்தம் பிசகவில்லை, எதுகை மோனை தாராளம். ‘வீரர்’ என்ற சொல் ஒன்பது முறை வந்திருந்தது, ‘குருதி’ நான்கு முறை. மகன் மார்பிலே புண்பட்டு மாண்டான் என்று கேட்டுத் தாய் மகிழ்ந்தாள் என ஓர் இடம். முடிவிலே, “நாமும் எழுவோம், அவர் வழி நடப்போம்” என்ற கருத்து. கவியரங்கில் வாசித்தால் கைதட்டல் நிச்சயம். எனக்கு ஏதோ உறுத்திற்று. அது என்னவென்று அப்போது சொல்லத் தெரியவில்லை. “தம்பி, நாளைக்குப் பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு, பள்ளியில் ஒப்புவித்த அந்த நாலடியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதை எழுதியவர் லோறன்ஸ் பின்யன். பிரித்தானிய நூதனசாலையிலே பணிபுரிந்தவர். யுத்தம் தொடங்கி ஏழு வாரமே ஆகியிருந்த நிலையில், 1914 செப்ரெம்பர் 21 ஆம் நாள், லண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் அவருடைய பாட்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. படையில் சேரும் வயது கடந்திருந்தது. அடுத்த ஆண்டில் பிரான்சுக்குச் சென்று, காயமுற்ற போர்வீரருக்கான மருத்துவமனை ஒன்றில் ஊழியனாகத் தொண்டு செய்தார்.

பாட்டு முழுவதும் ஏழு கண்ணிகள், இருபத்தெட்டு அடிகள். நாடு தன் பிள்ளைகளை எண்ணிப் பெருமிதம் கொள்வதும், இளைஞர் பாடிக்கொண்டு போர்க்களம் செல்வதும் அதிலே உண்டு. ஆனால் நூறாண்டுக்குமேல் மக்கள் வாயில் நிலைத்தவை நான்காம் கண்ணியின் நாலடிகள் மட்டுமே. அவற்றிலே முழக்கம் கிடையாது. மாண்டவர் முதுமை அடையார், மிஞ்சிய நாமோ மூப்பெய்துவோம். பொழுது சாயும்போதும் விடியும்போதும் அவரை நினைப்போம் என்ற அளவே பொருள். பெருமை பேசிய அடிகளை ஊர் கைவிட்டது. நினைப்போம் என்ற அடிகளை வைத்துக்கொண்டது.

அதே யுத்தத்திலே பிறந்த இன்னொரு பாட்டும் உண்டு. யோன் மக்ரே என்ற கனடா நாட்டு வைத்தியர், பெல்ஜியத்தில் ஈப்ர் நகரை அடுத்த போர்முனையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1915 மே 2 ஆம் நாள், அவருடைய நண்பரான இளம் அதிகாரி ஒருவர் எறிகணை பட்டு மாண்டார். ஈமச்சடங்கு நடத்தக் குருவானவர் கிட்டவில்லை. மக்ரே தாமே மந்திரம் சொல்லி அடக்கம் செய்தார். அத்துயரிலே எழுதிய பதினைந்து அடிப் பாட்டு, அவ்வாண்டு டிசெம்பர் 8 ஆம் நாள் ‘பஞ்ச்’ என்னும் லண்டன் இதழில், எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது. கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே பூத்த செந்நிறப் பொப்பி மலரை உலகறியச் செய்தது அதுவே. மக்ரே யுத்தம் முடியும்வரை வாழவில்லை. 1918 சனவரியில் நிமோனியாக் காய்ச்சலில் இறந்தார்.

அந்தப் பாட்டின் அமைப்பை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். முதல் ஒன்பது அடிகளில் மாண்டவர் தம் நிலையைச் சொல்கிறார்கள். சில நாளின் முன் உயிரோடிருந்தோம், அன்பு செய்தோம், விடியலை உணர்ந்தோம் என்கிறார்கள். கடைசி ஆறு அடிகளில் குரல் மாறுகிறது. எங்கள் பகையை நீங்கள் ஏற்றுப் பொருதுங்கள், இல்லையேல் எங்களுக்கு உறக்கம் இல்லை என்று உயிரோடிருப்பவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். யுத்த காலத்தில் ஆட்சேர்ப்புக்கும், 1917 இல் கனடாவில் யுத்தக் கடன்பத்திரம் விற்பதற்கும் அந்த அடிகள் பயன்பட்டன. கவிஞரின் துயரம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் மாண்டவர் வாயிலே ஒரு கட்டளையை வைத்தவுடன், இரங்கற்பா படைக்கு ஆள் திரட்டும் முரசாகிவிட்டது.

என் மனத்தை உறுத்தியது எது என்பது அப்போதுதான் தெரிந்தது. என் தம்பியின் நாற்பது அடிகளில் முப்பத்தெட்டு அடி அழுகை, கடைசி இரண்டு அடி முரசு. அதைக் கேட்கப்போகிறவர்களோ பத்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பாச்சி திண்ணையில் இருந்தார். அவருடைய மகன் ஒருவன் யுத்தத்திலே மாண்டவன். எந்தப் படையில், எந்தச் சீருடையில் என்பதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது உரையின் இறுதியில் விளங்கும். “அப்பாச்சிக்கு வாசித்துக் காட்டு” என்றேன். அவன் எழுந்து நின்று நாற்பது அடியையும் முழங்கினான். அவர் முழுவதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு ராசா,” என்றார். “ஆனால் இது ஆரைப் பற்றின பாட்டு?”

“சித்தப்பாவைப் போல செத்த ஆக்களைப் பற்றி, அப்பாச்சி.”

“அவன் இதுக்குள்ளை இல்லையே. அவன்ரை சைக்கிள் உந்தச் சுவரிலைதான் இன்னும் சாத்தியிருக்கு. அது உன்ரை பாட்டிலை இல்லை. தாய் சந்தோசப்பட்டாள் எண்டு எழுதியிருக்கிறாய். எந்தத் தாயைக் கேட்டனீ?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணை, அது புறநானூற்றிலை இருக்கு” என்றான்.

அவன் சொன்னது பொய்யன்று. போருக்குப் போகும் மகனை எண்ணிப் பெருமிதம் கொள்ளும் மறக்குடித் தாயைப் புறநானூறு பலவிடத்தும் பாடுகிறது. 279 ஆம் பாட்டில், முன்னே தந்தையையும் பின்னே கணவனையும் களத்தில் இழந்த ஒருத்தி, மறுபடி பறை கேட்டவுடன், தனக்கிருந்த ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போ என்று அனுப்புகிறாள். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். இத்துறைக்கு மூதின்முல்லை என்று பெயர். ஆனால் அதே புறநானூற்றில் கையறுநிலை என்று வேறொரு துறையும் இருக்கிறது. ஆதரவாய் இருந்தவர் மாண்டபின், செய்வதறியாது நிற்பவர் பாடுவது அது. பாடநூலிலும் பட்டிமன்றத்திலும் நாம் முதலாவதையே அதிகம் கேட்டு வளர்ந்தோம். அதனால் வீரரைப் பாடுவதென்றால் அது ஒன்றே தமிழ் மரபு என்று எண்ணிவிட்டோம்.

கையறுநிலைக்கு எடுத்துக்காட்டாக 242 ஆம் பாட்டைத் தம்பிக்கு எடுத்துக் காட்டினேன். குடவாயிற் கீரத்தனார் பாடியது. மாண்டவன் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன். மொத்தம் ஆறே அடிகள். அவன் வலிய வேலை உடையவன், பகைவரை வென்றவன் என்பதற்கு ஒன்றரை அடிக்குமேல் இடமில்லை. மற்றவையெல்லாம் ஒரு பூவைப் பற்றியவை. அந்தப் பூவை இனி இளைஞர் சூடமாட்டார், பெண்கள் கொய்யமாட்டார், பாணனும் பாடினியும் அணியமாட்டார். அப்படியிருக்க, சாத்தன் மாய்ந்தபின் ஒல்லையூர் நாட்டில் முல்லையே நீயும் பூத்தாயோ என்று புலவர் கேட்கிறார். கண்ணீர் என்ற சொல் அதிலில்லை. கட்டளை எதுவும் இல்லை. ஊர் முழுதும் ஒரு பூவைத் தொட மறுப்பதைக் காட்டியே இழப்பின் அளவைச் சொல்லிவிடுகிறார். மக்ரேயின் பொப்பிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே நம்மவர் முல்லையை நட்டுவிட்டார்கள், அன்பர்களே. அந்த முல்லை எவரையும் போருக்கு அழைக்கவில்லை.

பூ என்றவுடன் நம் நாட்டுச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலும் நவம்பர் 11 இல் பொப்பி விற்றார்கள்; சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. இந்நாட்டு முன்னாள் படைவீரருக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்ற மனக்குறை எழுந்தது. 1933 இல் தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் அதே நாளில் பொப்பிக்கு எதிராகச் ‘சூரியமல்’ விற்கத் தொடங்கினர். டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணியே அவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது வியப்பூட்டும் செய்தி. அந்த இயக்கத்தார் 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமந்தோறும் சென்று தொண்டு செய்தனர். சூரியமல் எது தெரியுமோ? நம் வீட்டு வேலிகளில் கதியாலாய் நிற்கும் பூவரசின் பூவே அது.

இதைச் சொன்னவுடன் தம்பி முற்றத்து வேலியைப் பார்த்தான். அப்பாச்சியோ, “அந்தப் பூவைத்தானே நான் ஒவ்வொரு நாளும் கூட்டி அள்ளுறன்” என்றார். காலையில் மஞ்சளாய் விரிவது, மாலையில் சிவந்து வாடும். பொப்பியின் சிவப்பைத் தேடி நாம் பெல்ஜியம் போகத் தேவையில்லை.

பாட்டுக்குரிய பொருள் அவ்விடத்திலேயே கிட்டிவிட்டது. சுவரில் சாத்திய சைக்கிள், வேலிப் பூவரசு, முற்றம் கூட்டும் தாய். இனி யாப்பு. முதற் படியை அவன் துள்ளும் சந்தத்தில் எழுதியிருந்தான். அந்த ஓசையைக் கேட்டால் கால் தானாகவே அணிநடை போடும். பொருள் அழுதாலும் ஓசை முழங்கும். ஆகவே அகவலை எடுத்துக்கொண்டோம். அகவல் பேச்சுக்கு அணித்தான ஓசை உடையது. அடிக்கு நான்கு சீர். பெரும்பாலும் ஈரசைச் சீர்கள். அதிலும் நேரிசை ஆசிரியப்பாவுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. ஈற்றுக்கு அயலடி மட்டும் மூன்று சீரோடு நின்றுவிடும். நான்கு சீருக்குப் பழகிய செவி, அவ்விடத்தில் ஒரு படி இல்லாததுபோல் தடுக்கி நிற்கும். அதன்பின் வரும் கடைசி அடி மெல்ல இறங்கும். மௌனத்துக்கு முன் வாசிக்கும் பாட்டுக்கு இதனினும் பொருத்தமான யாப்பை நான் அறியேன்.

மூன்று நாள் உழைத்தோம். முடிவில் நின்ற பாட்டு இது:

படலை சாய்ந்து கிடக்கும் வாசலில்
பழைய சைக்கிள் சுவரில் நிற்கும்;
மிதித்த கால்கள் மீண்டும் வரவில்லை;
மணியின் ஓசை மறந்தது தெருவே;
காலையில் மஞ்சள் மாலையில் சிவப்பாய்
வேலிப் பூவரசு விரிந்து வீழும்;
கூட்டித் தள்ளும் தாயின் கையில்
விளக்கு மாறு சற்றே நிற்கும்;
எவர்மகன் என்று கேளோம், எங்கும்
தாய்மனை மௌனம் ஒன்றே;
அதில்நாம் இரண்டு நிமிடம் நிற்போமே.

இது பெருங்கவிதை என்று நான் உரிமை கொண்டாடவில்லை. என்ன செய்தோம், எதை விட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ‘வீரர்’ என்ற சொல்லை முற்றாக நீக்கினோம். ஒன்பது முறை சொல்லியும் அது ஒருவனைக்கூட நம் கண்முன் நிறுத்தவில்லை. எந்த நாட்டுப் படைக்கும், எந்த நூற்றாண்டுப் போருக்கும் அப்படியே பொருந்தக்கூடிய அடிகளையெல்லாம் கோடிட்டுப் பார்த்தோம். நாற்பதில் முப்பத்தாறு அடிகள் அப்படிப்பட்டவை. சைக்கிள் ஒருவனுக்கே உரியது. ஆனால் அதைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் தத்தம் வீட்டில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பொருள் நினைவுக்கு வரும். அது கதிரையாகவும் இருக்கலாம், சட்டையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, மாண்டவரைப் பேசவிடவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால், நம்முடைய விருப்பத்தை அவருடைய வாயில் திணிக்கிறோம். பேசுபவர் ‘நாம்’, மண்டபத்தில் நிற்பவர். நாம் செய்வதாகச் சொல்வதும், அந்நேரமே நம்மால் செய்யக்கூடியது மட்டும்: இரண்டு நிமிடம் நிற்பது. “உங்கள் கனவை முடிப்போம்” என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாக்குறுதி வாங்குவது, அவன் படாத கடனுக்குக் கையொப்பம் வாங்குவதாகும்.

மூன்றாவது, அளவு. மெதுவாக வாசித்தால் ஒரு நிமிடம் செல்லும். நாற்பது அடிப் பாட்டு நாலு நிமிடம் எடுக்கும். வெயிலில் நிற்கும் சிறுவர் கால்மாறத் தொடங்குவர். அதன்பின் வரும் மௌனம் கெட்டுவிடும். கடைசி அடியை வாசிப்பவன் ஒருமுறை சொல்ல, கூட்டம் ஒருமுறை திருப்பிச் சொல்லும். உடனே மௌனம் தொடங்கும். ‘நிற்போமே’ என்று சொல்லிவிட்டு நிற்கிறோம். அவ்வளவில் பாட்டு செயலாகிறது. கைதட்டுவதற்கு இடமே இல்லை. ஒத்திகையிலே தம்பி ஒரு பிழை செய்தான். மூன்று சீர் அடியில் நிறுத்தாமல், கடைசி அடியோடு சேர்த்து ஓடிவிட்டான். ‘ஒன்றே’ என்ற இடத்தில் மனத்துக்குள் ஒரு சீர் எண்ணிவிட்டு மேலே போ என்றேன். அந்த எண்ணிக்கையில் ஓசை சீராயிற்று.

இனி, எங்களுக்குள் வழக்கு எழுப்பிய அடிக்கு வருகிறேன். ‘எவர்மகன் என்று கேளோம்’ என்பதே அது.

நம் ஊரிலே இது இலேசான சொல்லன்று. 1987 யூலை 5 ஆம் நாள், நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இராணுவம் முகாம் கொண்டிருந்தபோது, வெடிமருந்து ஏற்றிய வாகனம் ஒன்று அங்கே செலுத்தப்பட்டது. ஓட்டிவந்த தமிழ் இளைஞன் மாண்டான். உள்ளேயிருந்த சிங்களச் சிப்பாய்களும் மாண்டனர். பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் மனையே போர்க்களமாயிற்று. யுத்தம் 2009 இல் ஓய்ந்தது. நினைவோ பல நாட்களாகப் பிரிந்து நிற்கிறது. அரசு தன் படைவீரரை மே 19 இல் நினைக்கிறது. மாவீரர் நாள் 1989 தொடக்கம் நவம்பர் 27 இல் நினைக்கப்படுகிறது. சீருடையே அணியாமல் மாண்டவர்க்கு மே 18. ஒரு நாளில் விளக்கேற்றும் வீட்டார் இன்னொரு நாளில் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்.

இப்படியிருக்க, “எவர் மகன் என்று கேளோம் என்று எப்படிச் சொல்லலாம்? நாங்கள் கேட்போம்; எங்கள் பிள்ளையை மற்றவனோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்” என்று பாட்டைக் கேட்ட ஒருவர் என்னிடம் சினந்தார். அவர் சினத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். யார் எதற்காகப் போரிட்டார், எவர் எவருக்கு என்ன செய்தார் என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்; வரலாற்று வகுப்பிலும் நீதிமன்றத்திலும் விடாது கேட்கப்பட வேண்டியவை. பதினொரு அடிப் பாட்டு அவற்றுக்கு விடையாகாது; விடைபோல் நடித்தால் அது பொய்ப்பாட்டாகிவிடும். தத்தம் மகனைத் தத்தம் பெயர் சொல்லி அழுவதற்குத் தத்தம் நாளும் உண்டு. அதை எந்தப் பாட்டும் பறிக்கக்கூடாது. சீருடை அணியாமல் மாண்டவரையும் இப்பாட்டு பாடவில்லை. அவர்க்கு வேறொரு பாட்டு எழுதப்பட வேண்டும். இவையெல்லாம் இதன் எல்லைகள்.

ஆனால் பாடசாலை மண்டபம் என்பது பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கும் இடம். அங்கே வாசிக்கும் பாட்டு, பக்கத்தில் நிற்பவனை ‘இவன் எந்த வீட்டான்’ என்று திரும்பிப் பார்க்கச் செய்யலாகாது. அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் கேளோம் என்கிறோம். என்றைக்குமே கேளோம் என்று சொல்லவில்லை. அப்பாச்சியின் மகன் எந்தச் சீருடையில் மாண்டான் என்று உங்களுக்கு நான் சொல்லாததும் இதனாலேதான். உரை தொடங்கியது முதல் உங்களிற் சிலர் அதை ஊகித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். நானும் அவ்விடத்தில் இருந்திருந்தால் அப்படியே செய்திருப்பேன். ஆனாலும் சுவரில் சாத்திய சைக்கிளைப் பற்றிக் கேட்டபோது, விடை தெரியாமலே உங்கள் மனம் சற்று நின்றிருக்குமானால், பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

அந்த அடியை வைப்பதா நீக்குவதா என்று நாங்கள் தீர்மானிக்க முடியாமல் திகைத்தபோது, பாட்டை மறுபடி அப்பாச்சியிடமே கொண்டுபோனோம். தம்பி இம்முறை முழங்கவில்லை. பக்கத்தில் இருந்து மெல்ல வாசித்தான். முடிந்தபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் காம்பிலை இருந்த பெடியளுக்கும் தாய்மார் இருந்திருப்பினம் தானே” என்றார். அவ்வளவே சொன்னார். எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். நாங்கள் அந்த அடியை அப்படியே விட்டுவிட்டோம்.

நினைவு நாள் காலையில் மண்டபத்தில் அவன் வாசித்தான். ‘ஒன்றே’ என்ற இடத்தில் மறவாமல் நிறுத்தினான். கடைசி அடியை எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். சிறுவர் சிலர் ஒரு சீர் பிந்தினார்கள். பிறகு இரண்டு நிமிடம் வெளியே காகம் கரைவது கேட்டது. மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்கள்.

இவ்வளவே நான் சொல்ல வந்தது.